அம்சவள்ளி சொன்னால்தான் நம்புவேன்

அம்சவள்ளியிடம் புதுச் சேலையைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்கிற துணிச்சல் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் கிடையாது. நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மகளின் கல்யாண விருந்தில் சாம்பார் ஊசிப்போயிருக்கிறது என்று பந்தியிலேயே சொன்னவள். அன்றைக்கு எல்லாரும் முகம் சுளித்தார்கள், ஆனால் ஒருவரும் அந்தச் சாம்பாரைத் தொடவில்லை.

புக்கிட் ரோத்தானிலிருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மருமகளாக வந்தவள். மாமியார் நாகமணியம்மாளுக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். இரண்டு பேருக்கும் தொண்டை பெரிது. நான் தோட்டத்து வேன் ஓட்டுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன். ரேடியோ வாங்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை. அவள் புருஷன் நல்லசாமி சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனதே இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் என்று பேசிக்கொள்வோம்.

எண்பத்தாறாம் வருஷம் ஒருநாள், வெட்டிய ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு எல்லாரும் லயத்துக்குத் திரும்பிய மத்தியான நேரம். நாகமணியம்மாள் வாசலில் சோளம் உரித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. இரண்டு முறை வாந்தி. அவசரமாக வெளிக்கும் போனார். வலி மட்டும் குறையவில்லை.

பக்கத்து லயத்தில் இருக்கும் மகள் இராஜம்மா விளக்கெண்ணெயோடு ஓடிவந்தாள். "குடல் ஏறிக்கிச்சி, உருவி விட்டா சரியாப் போயிரும்" என்றாள். தாயின் வயிற்றில் கை வைக்கப் போனவளை அம்சவள்ளி தள்ளிவிட்டாள்.

"எண்ணெயத் தூக்கிக் கடாசு. அண்ணே, வேன எடுங்க!"

"வாயுவா இருக்கும்லா, தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து மருந்து குடுக்கட்டுமே" என்றேன்.

"வாயுவுக்கு இவங்க கத்துவாங்களா? எடுங்கண்ணே!"

அவள் அந்தக் குரலில் சொன்னால் தோட்டத்துத் துரையே வேன் எடுப்பார். நான் எம்மாத்திரம்.

கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் அன்று உமாபதி என்ற இளம் டாக்டர் இருந்தார். வயிற்றின் நாலா பக்கமும் அழுத்திப் பார்த்தார். வயிறு மெத்தென்று இருந்தது. அழுத்துவதால் வலி கூடவில்லை, அழுத்தாதபோது குறையவுமில்லை. கிழவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தார். தொட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லாத வயிறு, கேட்டால் உயிர் போகிற வலி. டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு மார்பில் குழலை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு தாறுமாறா அடிக்குதே. முன்னாடியே உண்டா?"

"ரொம்ப நாளா படபடப்பு, டாக்டர். சின்ன மாத்திரை ஒண்ணு குடுத்திருக்காங்க" என்றாள் இராஜம்மா.

"வலின்னா எப்பவும் இப்படித்தான் கத்துவாங்களா?"

"அம்மா கொஞ்சம் பயந்த சுபாவம், டாக்டர்" என்று தாயின் தலையைத் தடவினாள் இராஜம்மா. பாசத்தில் சொன்னதுதான்.

"பொய்" என்றாள் அம்சவள்ளி. "போன மழைக்கு வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சப்ப, ஒடைஞ்ச கையத் தூக்கிக்கிட்டு, படியக் கழுவலன்னு என்னத்தான் திட்டுனாங்க. ஒரு 'ஆ' கெடையாது. எனக்கும் இவங்களுக்கும் ஆகாது, டாக்டர். அதனால எது நடிப்பு, எது நெசம்னு எனக்கு நல்லாத் தெரியும். இது நெசம்."

டாக்டர் உடனே தாதியைக் கூப்பிட்டார். கிழவிக்கு வலி மருந்து போட்டு, கையில் டிரிப் ஏற்றச் சொன்னார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அறுவை டாக்டரிடம் பேசினார். அவர் சொன்னபடி இரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசி போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். நெஞ்சு ஒழுங்காக அடிக்காதபோது அதற்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி நழுவி, குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்திருக்கும் என்று சந்தேகப்பட்டார். இரத்தம் இல்லாமல் குடல் தவிக்கிறது, அதுதான் இந்த வலி. ஆரம்பத்தில் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். கல்லாக இறுகும்வரை காத்திருந்தால் குடல் செத்துப்போயிருக்கும். கிள்ளானுக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் இப்போதே.

"ஆபரேஷன்லயே உயிர் போகலாம். அதையும் மறைக்க மாட்டேன்" என்றார்.

இராஜம்மா அழுதாள். "இந்த வயசுல கத்தியா? வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். போறதுன்னா நிம்மதியாப் போகட்டும்." நல்லசாமிக்குத் தகவல் சொல்லவே பொழுது போய்விடும். டாக்டர் கிழவியிடமே கேட்டார். உயிர் அவருடையது, முடிவும் அவருடையது.

நாகமணியம்மாள் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏண்டி, நீ சொல்லு. நான் பொழைப்பனா?"

"தெரியாது அத்த" என்றாள் அம்சவள்ளி. "போகலன்னா கண்டிப்பா பொழைக்க மாட்டிங்க. போனாலும் சந்தேகந்தான், டாக்டர் மூஞ்சியே சொல்லுது. நானா இருந்தா போவேன்."

கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியை இறுகப் பிடித்தார்.

"அப்ப போவோம்" என்றார்.

ஆம்புலன்சில் அம்சவள்ளி ஏறினாள். நானும் இராஜம்மாவும் பின்னாலேயே வேனில் போனோம்.

கிள்ளானில் அறுவை டாக்டர் ஒரு சீனர். உள்ளே போனவர் வெளியே வர நெடுநேரம் ஆனது. அடைப்பை எடுத்தாகிவிட்டது, கறுத்துப்போன ஒரு துண்டை வெட்டியாகிவிட்டது, மீதிக் குடலுக்கு நிறம் திரும்பியிருக்கிறது என்று மலாயில் சொன்னார். இன்னும் தாமதித்திருந்தால் காப்பாற்றக் குடலே மிஞ்சியிருக்காது என்றார். மறுநாள் மறுபடியும் திறந்து பார்த்து, மீதி உயிரோடுதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு மூடினார்கள். இனி இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விடவே கூடாது, அடிக்கடி வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

அந்த இரண்டு நாளும் அம்சவள்ளி ஆஸ்பத்திரி நடையில் நின்றாள். யாரிடமும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்து நான் பார்த்தது அப்போதுதான். பயமாக இருந்தது. ஆபத்து நீங்கியதும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். ரப்பர் மரத்தில் அவளுக்காக யார் பால் வெட்டுவார்கள்?

ஆனால் கிழவி தேறவில்லை. காயம் ஆறிக்கொண்டு வந்தது, குடல் வேலை செய்யத் தொடங்கியது, கஞ்சி குடிக்கலாம் என்றார்கள். அவர் வாயே திறக்கவில்லை. கண்ணை மூடினால் திறக்க மாட்டோம் என்று பயந்து தூங்காமலே கிடந்தார். "நல்லா ஆயிட்டிங்கம்மா, முகம் பளிச்சினு இருக்கு" என்று இராஜம்மா சொல்வாள். தாதிகள் சொன்னார்கள், டாக்டரே சொன்னார். எல்லாருக்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்சவள்ளியை நான் கூட்டிப்போனேன். கட்டிலருகே போனதும் கிழவி அவள் கையை எட்டிப் பிடித்தார்.

"எப்படிடி இருக்கேன்?"

அம்சவள்ளி தலையிலிருந்து கால்வரை அவரைப் பார்த்தாள். அவசரமே படவில்லை.

"எலும்பும் தோலுமா இருக்கிங்க. பாக்க சகிக்கல" என்றாள். "ஆனா பொழைச்சிட்டிங்க."

"நெசமாவா?"

"நெசம்தான் அத்த."

நாகமணியம்மாள் பிடித்த கையை விடாமல் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.