இரண்டு ரூபா நாற்பது சதம்

எழுபதுகளின் கடைசியில், யாழ்ப்பாண நகரின் சாப்பாட்டுக் கடையொன்றில் நானும் கணவரும் அவர் தங்கையான என் மச்சாளும் நாற்பது ரூபாவுக்குச் சாப்பிட்டு, இருபது ரூபாவுக்கு நாலு பார்சலும் கட்டுவித்தோம். பில்லில் எழுபத்தொரு ரூபா நாற்பது சதம் போட்டிருந்தது.

கடையின் விலைப்பலகையில் விதி தெளிவாக இருந்தது. கடையிலேயே இருந்து சாப்பிட்டதற்கு மட்டும் பத்து வீதம் சேவைக் கட்டணம். பார்சல் கட்ட ஒன்றுக்கு ஐம்பது சதம். வரி சாப்பாட்டு விலைக்கு மட்டும் ஐந்து வீதம்.

"பார்சலுக்கும் சேவைக் கட்டணம் போட்டிருக்கிறியள். பிறகு எல்லாத்தையும் கூட்டி வரி போட்டிருக்கிறியள்," என்றேன். "சாப்பாடு அறுபது, சேவைக்கு நாலு, பார்சல் கட்டினதுக்கு ரெண்டு, வரி மூண்டு. அறுபத்தொன்பதுதான் வரும்."

முதலாளி என் கணவரைப் பார்த்து, "உங்கடை மனிசிக்குக் கணக்கு விளங்காது. காசைத் தந்திட்டுப் போங்கோ," என்றார்.

"விடுமப்பா, சனம் பாக்குது," என்று கணவர் பணத்தை எடுத்தார்.

"பாக்கட்டும்," என்று அவர் கையைத் தடுத்து, என் பையிலிருந்து அறுபத்தொன்பது ரூபாவை எண்ணி வைத்தேன்.

முதலாளி பலகையை நிமிர்ந்து பார்த்தார். காசை மேசை லாச்சிக்குள் வழித்துத் தள்ளி, "இனி உங்களுக்கு இஞ்சை சாப்பாடு இல்லை," என்றார்.

பஸ்ஸில் கணவர் மச்சாளோடு போய் இருந்துகொண்டார். நான் பார்சல்களை மடியில் வைத்தபடி தனியே இருந்தேன். ஆனாலும் வெட்கமாக இருக்கவில்லை.