எலுமிச்சை சூப்பும் என் வீம்பும்

நான் முன்கோபி. அதைவிட மோசம், வீம்பு பிடித்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் ஒரு பஞ்சுக் கம்பெனித் துரை பங்களாவில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன். துரையும் துரைசாணியும் கிரேக்க தேசத்தார். என் தங்கை புருஷனை உசிலம்பட்டியிலிருந்து கூட்டிவந்து எனக்குக் கையாளாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். தங்கை வீட்டு மானாவாரி நிலம் இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்தது. இந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்கள்.

துரைசாணிக்குத் தங்கள் ஊர் எலுமிச்சை சூப்பு என்றால் உயிர். கோழிச்சாற்றில் அரிசியை வேகவிட்டு, முட்டை மஞ்சள்கருவால் கெட்டியாக்க வேண்டும். எனக்கு அவசரக் கை. கருவைக் கொதிக்கும் சாற்றில் கொட்டிவிடுவேன். திப்பி திப்பியாகத் திரிந்துபோகும். மாப்பிள்ளைக்கோ துரைசாணி ஒருமுறை சொல்லிக்கொடுத்ததுமே படிந்துவிட்டது. மஞ்சள்கருவை எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்க அடிப்பார். சூடான கோழிச்சாற்றைக் கரண்டி கரண்டியாக, நூல் பிடித்தாற்போல ஊற்றி, விடாமல் கிளறுவார். கரு சூட்டுக்குப் பழகிய பிறகுதான், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் அதைச் சேர்ப்பார். துரைசாணி என் முன்னாலேயே அவரைப் புகழ்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து பெரிய துரை விருந்துக்கு வருவதாக இருந்தது. ரயில் தாமதம். சூப்பு ஆறத் தொடங்கியது.

"மச்சான், மேசைக்கு வெள்ளைத் துணி விரிச்சிட்டு வாரேன். இத அடுப்புல மட்டும் வச்சிராதீக. வந்து வெந்நித் தொட்டியில எறக்கி வச்சுச் சூடாக்குறேன்" என்றார் மாப்பிள்ளை.

"எனக்கே சொல்லித்தாறியோ? போ மாப்ள, போய் வேலையப் பாரு" என்றேன்.

பெரிய துரையின் வண்டிச் சத்தம் கேட்டது. பாத்திரத்தைத் தூக்கி நேரே கரி அடுப்பில் வைத்தேன். ஒரு கொதிதான். பொன்னாய் வழுவழுத்த சூப்பு, வெளிறிய தண்ணீரும் மஞ்சள் துணுக்குகளுமாகப் பிரிந்தது. அடப்பாவி!

அதற்குள் பரிமாறுகிற பையன் அதை மேசைக்குக் கொண்டுபோய்விட்டான். துரைசாணி முகம் சிவக்க அடுக்களைக்கு வந்தாள். "யார் கொதிக்க வைத்தது?"

என் வாய் கூசாமல் சொன்னது: "மாப்ளதான், அம்மா."

அவள் பின்னாலேயே வந்து நின்ற மாப்பிள்ளை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நாந்தேன்" என்றார். அன்றைக்கே அவர் வேலை போயிற்று.

அதன்பின் உசிலம்பட்டிக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் தங்கை என் இலையில் சோறு போட்டுக்கொண்டே, "எங்கண்ணே வாங்கிக்குடுத்த வேல. இந்த மனுசன் கவனமில்லாமக் கெடுத்துப்புட்டு வந்தாரு. இல்லாட்டி இம்புட்டுக் கஷ்டம் உண்டா?" என்று அவரைக் கரித்துக்கொட்டுவாள். அவரோ, "மச்சானுக்குக் கொழம்பு ஊத்து" என்பார்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். தங்கை இப்போதும் அதையே சொல்லி, செத்தவரைக் குறைபட்டுக்கொள்கிறாள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.