பவர் பிரஸ்ஸின் கம்பிக் கதவு

கல்யாணப் படம், காலமானவர் படம், ஆவடி முகாமிலிருந்து வந்து விறைப்பாக நின்று எடுத்துக்கொள்ளும் சிப்பாய் படம். இந்த மூன்றையும் விட்டால் பூந்தமல்லியில் என் ஸ்டூடியோவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். படம் பதிகிற கண்ணாடி பிளேட் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போது அம்பத்தூரில் ரயில் பாதை ஓரமாகப் பட்டறை வைத்திருந்த முதலாளி ஒருவர் ஆளனுப்பினார். கேட்டலாக் அச்சடிக்கப் போகிறாராம், அதற்கு அவர் செய்த இயந்திரத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். மாப்பிள்ளைகளிடம் சிரியுங்கள் சிரியுங்கள் என்று கெஞ்சி அலுத்துப்போயிருந்த எனக்கு அது விடுதலை மாதிரி இருந்தது. இரும்பு கண்ணை மூடாது, மூக்கைச் சொறியாது, எடுத்த பிறகு கறுப்பாக விழுந்துவிட்டேன் என்று சண்டைக்கும் வராது.

ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்று சொல்லி அனுப்பினேன். எண்ணெய் என்ஜின் ஓடினால் தரை நடுங்கும். தரை நடுங்கினால் படம் கலங்கிவிடும்.

ஜட்காவில் காமிராவையும் முக்காலியையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பட்டறைத் தரையைப் பார்த்து அசந்துபோனேன். சோடாக்காரம் போட்ட வெந்நீரை ஊற்றித் தேய்த்து, மரத்தூள் தூவிப் பெருக்கி, எண்ணெய்க் கறை என்ற பேச்சே இல்லாமல் வைத்திருந்தார்கள். நடுவில் பவர் பிரஸ் நின்றது. தகட்டை அச்சில் வைத்து அழுத்தித் தட்டாகவோ கிண்ணமாகவோ ஆக்குகிற இயந்திரம். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம், மேலிருந்து இறங்கும் பளபளப்பான இரும்புத் தண்டு, கீழே அச்சு, காலடியில் ஒரு மிதி. உடம்புக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் பூசியிருந்தார்கள்.

அச்சுக்கு முன்னால் கம்பி வலை அடித்த சின்னக் கதவு ஒன்று இருந்தது. அதைச் செய்தவர் பட்டறையில் இயந்திரங்களைப் பூட்டிச் சேர்க்கும் பிட்டர். என் வயதுதான் இருக்கும். நான் கேட்காமலே காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"கதவு மேல கீதுன்னு வெச்சிக்க அண்ணாத்தே, மிதி எறங்காது. கதவ இறக்கினாத்தான் மிதிக்க முடியும். மிதிச்சப்புறம், தண்டு கீழ போய் திரும்பி மேல ஏர்ற வரிக்கும் கதவு தொறக்காது. கை உள்ள போறதுக்கு வழியே இல்ல."

கதவுக்கும் மிதிக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி ஓடியது. அவர் மிதித்தும் இழுத்தும் காட்டினார். அவர் சொன்னது சரிதான்.

"இத்த யாரு கேட்டா?" என்றேன்.

"யாரும் கேக்கல. என் சம்சாரத்தோட தம்பி திருநின்றவூர்ல ஒரு கொட்டாயில பிரஸ் ஓட்டுறான். பட்டாளத்துக்கு சோத்துத் தட்டு அடிக்கிறாங்கோ. அங்க இருக்கிறது பழைய மிசினு, கதவும் இல்ல ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஓட்டுறவனுக்கு ரெண்டு வெரலு போயிடிச்சி. அந்தக் கொட்டாய்க்காரரு பட்டணத்துல கீறாரு, கேட்டலாக்க பாத்துதான் புது மிசினு வாங்கப் போறாராம். கதவு படத்துல நல்லா தெரியணும் அண்ணாத்தே."

முதலாளிக்கும் கதவில் ஆட்சேபணை இல்லை. மற்ற பட்டறைக்காரர்களிடம் இல்லாத ஒன்று தம்மிடம் இருக்கட்டுமே என்று நினைத்தார். ஆனால் தண்டின் பளபளப்பும் தெரிந்தாக வேண்டும் என்றார். "மூணு நாளா மெருகு போட்டிருக்கோம். அது தெரியாட்டி யாரு வாங்குவான்?"

கதவை மூடினால் தண்டு வலைக்குப் பின்னால் மங்கிவிடும். திறந்தால் கதவு எதற்கு இருக்கிறது என்பதே புரியாது. இப்படி ஒரு சங்கடத்தை எந்த மாப்பிள்ளையும் எனக்குத் தந்ததில்லை. வீறாப்பாக, இரண்டும் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஜன்னல்களுக்கு நனைத்துப் பிழிந்த வேட்டிகளைக் கட்டி வெயிலை அடக்கினேன். மெருகு போட்ட இரும்பு நேர் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெறும் வெள்ளையாக எரியும். அதனால் சக்கரத்தின் விளிம்பில், ஜன்னல் கண்ணாடிக்கு அப்பும் மக்கைத் துணியில் முடிந்து லேசாக ஒற்றி எடுத்தேன். முதலாளிக்கு வயிறு எரிந்தது. படம் எடுத்ததும் துடைத்துத் தருகிறேன் என்று சமாதானம் சொன்னேன். கதவை மூடி, அச்சுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தை வளைத்து வைத்தேன். அந்த வெளிச்சத்தில் தண்டு வலையின் ஊடாகத் தெரிந்தது. காமிராவை ஓரமாகத் தள்ளி வைத்ததில் சக்கரம், மிதி, கதவு, கதவையும் மிதியையும் இணைக்கும் கம்பி எல்லாமே ஒரே பார்வையில் வந்தன. பின்னால் பிட்டரும் இன்னொருவரும் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். நெடுநேரம் லென்ஸைத் திறந்து வைக்கும்போது துணி ஆடினால் அதன் மடிப்புகள் படத்தில் விழாது.

பிளேட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் தண்டின் மினுமினுப்பும் இருந்தது. என் ஸ்டூடியோவில் அதைவிட நல்ல படத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்ததில்லை. பிரதி ஒன்றைப் பிட்டரிடம் காட்டினேன். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "கதவு கீது" என்றார். அவருக்கு அது போதும்.

படம் பட்டணத்துக்குப் போனது. காகிதத்தில் அச்சாகவேண்டுமானால் முதலில் அதைச் செப்புத் தகட்டில் பிளாக்காக மாற்றவேண்டும். ஒரு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பி அச்சுத் தாளைக் காட்டினார். முகமெல்லாம் பூரிப்பு.

தண்டு தகதகவென்று மின்னியது. அச்சின் விளிம்பு கத்தி போலத் தெரிந்தது. தரை சலவைக்கல் போல வழவழத்தது. கதவைக் காணோம். மிதியிலிருந்து மேலே போன கம்பியையும் காணோம். நான் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரன் மாதிரி.

"கதவு எங்கே?"

"அதான் தெரியல. ஆனா சோக்கா வந்திருக்கு பாத்தியா?"

கோபத்தோடு மறுநாளே ரயிலேறி பிளாக் செய்யும் இடத்துக்குப் போனேன். படங்களுக்கு மேல்பூச்சுப் பூசும் ஓவியர் அங்கே தடித்த மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். சண்டை போடத்தான் போனேன். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து விளக்கினார். பிளாக் எடுப்பது புள்ளிக் கட்டம் போட்ட ஒரு கண்ணாடி வழியாக. படம் முழுக்கப் புள்ளிகளாக மாறும். அந்தப் புள்ளி வரிசையும் என் கம்பி வலையும் ஒன்றோடொன்று மோதி, பட்டுப் புடவையில் ஓடுகிற அலை மாதிரி கோடுகோடாக விழுந்துவிட்டதாம்.

"ரெண்டு தரம் எடுத்துப் பாத்தோம். அசிங்கமா இருந்திச்சி. சரி, மிசினுக்கு முன்னாடி யாரோ வலைய வெச்சிட்டாங்க போல, அத்த மறைச்சிடுவோம்னு உள்ள இருக்கிறத நானே வரைஞ்சேன். கம்பி ஒண்ணு எதுலயும் சேராம தொங்கிச்சி, அத்தயும் எடுத்துட்டேன். நல்லா இல்லயா?"

நல்லா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை அத்தனை சுத்தம். தண்டின் மினுமினுப்பை நான் ஒரு நாள் முழுக்க உழைத்துப் பிடித்தேன், அவர் மெல்லிய தூரிகையால் அதைவிட நன்றாகவே கொண்டுவந்திருந்தார். மறுபடி பிளாக் செய்யுங்கள் என்றேன். செம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். யுத்தத்துக்குப் போகிற செம்பில் மீந்ததுதான் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து முதலாளியிடம், படத்தின் கீழே ஒரு வரியாவது கதவைப் பற்றிப் போடுங்கள் என்றேன். முன்பு எழுதிக் கொடுத்த விவரத்தில் அந்த வரி இருந்தது. அவர் அதை அடித்துவிட்டிருந்தார்.

"படத்துல இல்லாதத எழுத்துல போட்டா, எங்கடா கதவுன்னு கேப்பான். வம்பு. நீ கவலப்படாத. மிசினு கதவோடதான் போவும்."

பிட்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னிடமும் கோபித்துக்கொள்ளவில்லை, முதலாளியிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளி சொன்னபடியே முதல் இயந்திரங்கள் கதவோடுதான் போயின, திருநின்றவூருக்குப் போனதும் சேர்த்து. ஆனால் பட்டணத்துக் கொட்டகைக்காரர் கேட்டலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் இல்லாத சாமானை எதற்குப் பூட்டி அனுப்பினாய், தட்டடிக்கும் வேகம் குறைகிறது என்று ஆளனுப்பிக் கேட்டார். படத்தில் இருப்பதுபோல் செய்து கொடுக்கச் சொன்னார். முதலாளி பிட்டரையே ஸ்பேனரோடு திருநின்றவூருக்கு அனுப்பினார். கதவைச் செய்த கையே அதைக் கழற்றிக்கொண்டு வந்தது. நான் பிளேட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கொட்டகைக்காரர் வீட்டு வாசலுக்கும் போனேன். இதோ பாருங்கள், கதவு இருக்கிறது என்று வெயிலில் பிடித்துக் காட்டினேன். அச்சடித்ததுதான் கணக்கு, கண்ணாடியில் இருப்பது எனக்கெதற்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருவில் நின்று பல்லைக் கடித்தேன். அதைத் தவிர என்னால் என்ன செய்ய முடியும்?

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம், பிட்டர் ஓர் இளைஞனை ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்தார். திருநின்றவூரில் பிரஸ் ஓட்டும் மைத்துனன் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. இடது கையைத் துண்டால் மூடியிருந்தான்.

"பொண்ணு பாத்துகினு கீறோம். படம் கேக்குறாங்கோ" என்றார் பிட்டர்.

நாற்காலியில் உட்கார வைத்தேன். துண்டை எடுத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. கையை மடியில் துணிக்கடியில் வைத்துக்கொள், தெரியாது என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

"கைய மறைச்சா சந்தேகப்படுவாங்கோ அண்ணாத்தே. கை தெரியட்டும். அந்த மிசினு படத்துல கதவ எடுத்தாங்களாமே, மாமா சொன்னாரு. அதே மாரி இத்த வரைஞ்சிட முடியாதா?"

குத்திக் காட்டவில்லை அவன். நிஜமாகவே கேட்டான். பிட்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பெண் வீட்டார் நேரில் பார்க்கமாட்டார்களா என்று கேட்டிருக்கலாம். வரைகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் மேசையில் உட்கார்ந்து, என் இடது கையை எதிரில் விரித்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மூன்று விரல்களை வரைந்தேன். நகமும் மடிப்பும் சரியாக வந்தன.

அவன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். "நல்லா கீது" என்றான். பிறகு மீதியிருந்த இரண்டு விரல்களாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மாமாவோடு பஸ்ஸுக்குப் போனான்.