கந்தப்பன் திறக்கப் பார்த்த போன்

செத்துப்போன தம்பியின் போனைத் தானே திறந்து காட்டுவதாகச் சொல்லிக் கந்தப்பன் மீசையைத் தடவியபோதே, இது உருப்படாது என்று சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தம்பிதான் அவள் புருஷன் ஈஸ்வர்; போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவர். வருஷத்தில் ஒன்பது மாதம் வெளிமாநிலம். ஊருக்கு வந்தால் மகளைப் படம் பிடித்துத் தள்ளுவான்; எல்லாம் அவன் போனில். சாரதாமணியிடம் இருந்தது பட்டன் போன். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். மகளின் ஆறு வருஷமும் அந்தப் பூட்டுக்குள் கிடந்தது.

கந்தப்பன் முதலில் போட்டது தன் பிறந்தநாள்.

"அண்ணன் தேதியத்தான் வெச்சிருப்பான், பாரு அம்மிணி."

பிறகு தன் பையன் பிறந்தநாள். பிறகு தன் டிராக்டர் நம்பர். தம்பிக்கென்று பெண்டாட்டி, பிள்ளை உண்டு என்பது அந்த மண்டையில் உதிக்கவே இல்லை. போன் வெறுத்துப்போய், ஒரு மணி நேரம் கழித்து வா என்றது.

மறுநாள் வாரிசு சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அஸ்தம்பட்டி செல்போன் கடைக்குப் போனார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் போவதுபோல் கந்தப்பனுக்குச் சலவைச் சட்டை வேறு.

"தாசில்தார் சீல் இருக்குதுங்க. தொறங்க," என்றான்.

கடைக்காரப் பெண் அக்சிலியா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "சீல் போனுக்குத் தெரியாதுங்க. நான் தொறந்தா எல்லாம் அழிஞ்சு புதுசாத்தான் வரும். அப்பவும் அவரு கணக்கோட பாஸ்வேர்டக் கேக்கும்."

"சிம்மை வேற போன்ல போட்டு, ஓடிபி வாங்கி, அவனாட்டமே நொழஞ்சா?"

"செத்தவரா நடிக்கறதுங்களா? அதுக்கு வேற கடை பாருங்க."

கந்தப்பன் வாய் மூடியது. அதற்கே அக்சிலியாவுக்குக் கோயில் கட்டலாம் என்று சாரதாமணி நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, கூகுள்ல எறந்தவங்க கணக்குக்குன்னு ஒரு விண்ணப்பம் இருக்குது. இறப்புச் சான்றிதழும் உங்க ஆதாரும் வெச்சு அனுப்பலாம். பாஸ்வேர்ட் தரவே மாட்டாங்க. படம் தரலாம், தராமலும் போகலாம். அவரு பேக்கப் போட்டிருந்தாத்தான் அங்க படமே இருக்கும். உசுரோட இருக்கையிலயே அவரு கணக்குல உங்க பேரக் குடுத்து வெச்சிருந்தா இத்தன பாடில்ல."

"அவரு சோத்துக்கே நேரமில்லாம ஓடுனாருங்க."

அனுப்பினார்கள். வாரங்கள் கழித்துப் பதில் வந்தது: வருத்தம் தெரிவித்து, தர இயலாது, வேண்டுமானால் கணக்கை மூடித் தருகிறோம்.

"மூடச் சொல்லீரு," என்றான் கந்தப்பன். "போனையும் அழிச்சு எம்பையனுக்குக் குடு."

சாரதாமணி தன் பட்டன் போனில் ரிக் வண்டிச் சமையல்காரர் காளியப்பனைக் கூப்பிட்டாள். ஈஸ்வர் அனுப்பிய படங்கள் அவர் போனில் இருந்தன. முப்பத்தொன்று. இருபத்தேழு, தண்ணீர் பீய்ச்சிய குழிகள். நாலில் மகள்.

அந்த நாலையும் அக்சிலியா கடைக்கு அவரை அனுப்பச் சொல்லி, அங்கேயே அச்சுப் போட்டு வாங்கினாள்.

"அந்தப் போனு?" என்றான் கந்தப்பன்.

"அது எம்புருஷன்துங்க மாமா. உங்க டிராக்டர் நம்பருக்கு அது தொறக்கல, பாத்தீங்கல்ல?"