எதிர்பார்த்த விளைவு: பொத்தான் தெரிய வேண்டும்

கைபேசிச் செயலிகளில் பிழை பிடிப்பது என் தொழில். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக, மன்னார் நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி செய்கிறேன். "பிழை பிடிக்கிறதுக்குச் சம்பளமோ? உனக்கு அது சும்மாவே வருமே" என்று அம்மா நையாண்டி பண்ணுவார். உண்மைதான். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

நிறுவனம் செய்த செயலிகளில் ஒன்று கண் கிளினிக்குகளுக்கானது. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு தனியார் கிளினிக் இருக்கிறது. கண் டொக்டர் வெளியூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார். அவரைப் பார்க்கச் செயலியில் இடம் பிடிக்க வேண்டும். இடம் பிடித்ததும் "உறுதிசெய்க" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மாலையில் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஒரு காலையில் அந்த கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கும் பெண் ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். நோயாளி ஒருவரின் கைபேசியில் எடுத்தது. "உங்களுக்கான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது" என்று பெரிதாக இருந்தது. கீழே திகதி, டொக்டர் வரும் நேரம். அத்தோடு படம் முடிந்தது. பொத்தானைக் காணவில்லை.

என் சோதனைக் கைபேசியில் அதே பக்கத்தைத் திறந்தேன். பொத்தான் பச்சையாகச் சிரித்துக்கொண்டு இருந்தது. திரும்பப் படத்தைப் பார்த்தேன். என் கைபேசியில் ஒரே வரியில் நிற்கும் தலைப்பு, படத்தில் மடிந்து மடிந்து கீழே இறங்கியிருந்தது. கைபேசியில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் பிடிபட்டது. நானும் கூட்டிப் பார்த்தேன். பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. விரலால் மேலே தள்ளினாலும் பக்கம் நகரவில்லை.

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

செய்முறை: ஒன்று, கைபேசி அமைப்பில் எழுத்தளவை ஆகப் பெரிதாக்கவும். இரண்டு, செயலியைத் தமிழில் திறக்கவும். மூன்று, டொக்டரையும் நாளையும் தெரிவுசெய்து இடம் பிடிக்கவும்.
எதிர்பார்த்த விளைவு: "உறுதிசெய்க" பொத்தான் திரையில் தெரிய வேண்டும், அல்லது பக்கத்தை நகர்த்தி அதை அடைய முடிய வேண்டும்.
நடந்த விளைவு: பொத்தான் தெரியவில்லை. பக்கம் நகரவில்லை.

படத்தை இணைத்து அனுப்பினேன். பொறியாளரின் பதில் பின்னேரம் வந்தது. படத்தின் அடிப்பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது, பொத்தான் வெட்டில் போயிருக்கும், அதே கைபேசியில் எடுத்த முழுப் படம் வேண்டும் என்று எழுதி அறிக்கையை எனக்கே திருப்பி விட்டிருந்தார். செய்முறையைச் செய்து பார்த்தாரா என்றால், இல்லை. படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

பதிவு மேசைப் பெண்ணுக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஓமக்கா, வெட்டினனான்தான்," என்றார். "நோயாளியின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம். மேல பேர் கிடந்தது, வெட்டினன். மேல மட்டும் வெட்டினால் வடிவில்லை எண்டு கீழயும் கொஞ்சம் வெட்டினன்."

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சொன்னதை ஒழுங்காகச் செய்தவர். எனக்கு வந்த கோபமெல்லாம் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்தவர் மேலேதான்.

நோயாளியின் சம்மதத்தோடு பதிவு மேசைப் பெண் விலாசம் தந்தார்; முழுப் படத்துக்காக அரிப்பு என்ற கடலோரக் கிராமத்துக்கு பஸ் ஏறினேன். நோயாளி, மீன் காயவைக்கும் வேலை செய்யும் ஒரு அக்கா. கணவர் இல்லை, பிள்ளைகள் வெளியில். ஒரு கண்ணில் முன்னமே பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய். மற்றக் கண்ணுக்குத்தான் டொக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருத்திவிட்டுக் கைபேசியைத் தந்தார். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவில் இருந்தது.

"இடம் ஒதுக்கியாச்சு எண்டுதானே பிள்ளை போட்டுக் கிடக்கு?" என்றார். "அதை நம்பி ரெண்டு தரம் வெளிக்கிட்டுப் போனனான். ரெண்டு தரமும் உங்கட பேர் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். எனக்குத்தான் அமத்தத் தெரியேல்லையாக்கும் எண்டு பேசாமல் திரும்பி வந்திட்டன். மூண்டாந்தரம்தான் மேசையில இருக்கிற பிள்ளை போனை வாங்கிப் பார்த்தது."

"உங்களில பிழை இல்லை அக்கா," என்றேன்.

"பிறகு ஆரில?"

வந்த வேலையாக முழுப் படத்தை எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டேன். எழுத்தளவைக் குறைத்துக் காட்டினேன். பொத்தான் வந்தது. அக்கா கைபேசியை மூக்கருகே கொண்டுபோனார். தூர வைத்துப் பார்த்தார். "பச்சையா ஏதோ கிடக்கு. மிச்சம் ஒண்டும் தெரியேல்ல பிள்ளை," என்று திருப்பித் தந்தார். டொக்டர் வரும் அடுத்த நாளுக்கு நானே இடம் பிடித்து, பொத்தானை அழுத்தி, எழுத்தளவைப் பழையபடி பெரிதாக்கி வைத்துவிட்டு வந்தேன்.

முழுப் படம் போனதும் பொறியாளர் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால் "தோற்றப் பிழை, முக்கியத்துவம் குறைவு" என்று தரம் போட்டார்கள். நான் விடவில்லை. இணையவழிக் கூட்டத்தில் எழுப்பினேன். எழுத்தை இவ்வளவு பெரிதாக யார் வைக்கப்போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார்.

"கண் கிளினிக்குக்கு வாறவை," என்றேன். ஆங்கிலக் கூட்டத்தில் தமிழ் வாய்தவறி வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். எழுத்தளவைக் குறைத்தால் வேலை செய்கிறதுதானே, மாற்றுவழி இருக்கிறதே என்று எழுதிக்கொண்டு அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

அக்காவை டொக்டர் பார்த்தார். பதிவு மேசைப் பெண்தான் பக்கத்தில் நின்று கேட்டு, அக்காவின் சம்மதத்தோடு எனக்குச் சொன்னார். போன பார்வை திரும்பாது. மிச்சமும் வேகமாய்ப் போகிறது. முதல் தடவை வந்தபோதே சொட்டு மருந்து தொடங்கியிருந்தால் கொஞ்சமாவது பிடித்து நிறுத்தியிருக்கலாம், இனி என்னவும் சொல்ல முடியாது என்றாராம். அன்று நான் வேலை செய்யவில்லை. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அம்மா கூட நையாண்டி பண்ணவில்லை.

பிழை பட்டியலின் அடியில் கிடந்தது. மாரிக்காலம் வந்து போனது. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். கேட்டுக் கேட்டு, எல்லாருக்கும் நான் ஒரு தொல்லையாகிவிட்டேன். கடைசியில் ஒருநாள் "திருத்தியாயிற்று, உண்மையான கைபேசியில் சரிபார்த்து மூடவும்" என்று வந்தது.

யாருடைய கைபேசியில் பார்ப்பது என்று யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அரிப்புக்குப் போனேன். அக்கா முற்றத்துக் கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பினார். கைபேசி உள்ளே அலுமாரியில் இருந்தது. மீன் வேலையையும் விட்டுவிட்டாராம்.

சார்ஜ் போட்டு, புதிய செயலியை இறக்கி, மருந்து எடுக்கும் நாளுக்கு இடம் பிடித்தேன். எழுத்தளவு நான் விட்டுப்போன அதே அளவில் இருந்தது. பக்கத்தை மேலே தள்ளினேன். நகர்ந்தது. கீழே பொத்தான் இருந்தது, திரையின் அகலத்துக்கு, பச்சையாக.

"பட்டன் இப்ப வந்திட்டுதோ பிள்ளை?"

"ஓம் அக்கா. வந்திட்டுது."

"எவடத்தில? நான் அமத்திறன். விரலைப் பிடிச்சு வையுங்கோ."

பிடித்து வைத்தேன். அழுத்தினார். "உங்கள் வருகை உறுதிசெய்யப்பட்டது" என்று புளியங்கொட்டை எழுத்தில் வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

வாசித்துச் சொன்னேன்.