அப்பா செத்த பேப்பரும் என் கட்டைவிரலும்

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் கல்யாணப் பத்திரிகை மேல் விலாசமும்தான். மறதியும் அதிகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற ஆள் நான். தங்கச்சி மகள்தான், "நடந்ததை நீயே எழுது பெரியம்மா, நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்று ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

எங்கள் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, சின்ன வயதிலேயே கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூறு தாண்டி அங்கேயே கண்ணை மூடினார். உயில் எதுவும் இல்லை. அவர் வாழ்ந்த வீட்டுக்கு வாரிசு யார் என்று அங்கே கேள்வி வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து வக்கீலிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வக்கீல் அம்மா எழுதிக் கேட்டது இதுதான்: உங்கள் அப்பா அவருடைய தம்பிக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதற்கு ரிஜிஸ்டர் ஆன அத்தாட்சி வேண்டும், அதை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்து, பெயர்த்தவர் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் வைத்து அனுப்ப வேண்டும். அண்ணனான எங்கள் அப்பா முன்பே போயிருந்தால்தான் அந்தப் பங்கு அவர் பிள்ளைகளுக்கு, அதாவது எனக்கும் தங்கச்சிக்கும் வரும்.

எனக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கிழக்குத் தாம்பரத்தில் மகன் வீட்டில் எனக்கு ஒரு ஜன்னலும் ஒரு கட்டிலும் இருக்கிறது, அது போதும். தங்கச்சி கதை வேறு. அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்தில், கீழ்த்தளத்தில் இருக்கிறாள். கார்த்திகை மழை வந்தால் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைப்பாள். அதற்கு மேலும் தண்ணீர் ஏறினால் அரிசி டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். "அக்கா, எனக்கு ஒரே ஆசைதான். தண்ணிய மேல இருந்து வேடிக்கை பாக்கணும்" என்பாள். அந்த மாடி பினாங்கில் இருந்துதான் வர வேண்டும்.

அப்பாவின் இறப்புப் பேப்பர் என் பெட்டியில் இருந்தது. அம்மா கொடுத்துவிட்டுப் போனது. மடிப்பெல்லாம் கிழிந்து பின்பக்கம் ஒட்டுப் போட்டது. கூரியரில் அனுப்பினால் பொடியாகிவிடும் என்று சொன்னதும், வக்கீல் அம்மா போட்டோவே போதும், அசல் கேட்டால் அப்புறம் காட்டலாம் என்று சொல்லிவிட்டார். பொத்தேரியில் காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிற தங்கச்சி மகள் எனக்குப் போன் செய்தாள்.

"பெரியம்மா, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடு. அப்படியே தாத்தா எப்படிப் போனார்னு சொல்லு, அம்மா கையெழுத்துப் போடுற ஸ்டேட்மென்ட்ல அதையும் எழுதணுமாம்."

"காய்ச்சல்" என்றேன்.

அவளும் அப்படியே எழுதி, தங்கச்சியிடம் கையெழுத்து வாங்கி, பினாங்குக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டாள். நான் போட்டோ எடுத்தேன். முதலில் ஃபேன் விழுந்தது, அப்புறம் என் மூக்கு விழுந்தது, ஆறாவது தடவை பேப்பர் விழுந்தது. காற்றில் பறக்காமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு எடுத்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சார் இருக்கிறார். ஸ்கூலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிப்பவராம். கோர்ட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மொழிபெயர்த்துக் கொடுப்பது இப்போது அவர் தொழில். போட்டோவை அவருக்கு அனுப்பிய மறுநாளே வரச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் படியேறினோம். நான் வழக்கம்போலத் தங்கச்சி முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

சார் போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார்.

"இது யார் விரல்?"

தங்கச்சி சட்டென்று விலகி என்னை முன்னால் விட்டாள்.

"அம்மா, பதிவு எண்ணுல ஒரு ஒண்ணோ ஏழோ, வெளிச்சம் பட்டு மங்கிக் கிடக்கு. முத்திரையில பாதி அழிஞ்சிருக்கு. அதெல்லாம் எனக்குப் பழக்கம், படிக்க முடியலன்னா முடியலன்னே எழுதிடுவேன். ஆனா இறந்ததுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அது மேல முழுசா உங்க விரல். நான் என்னன்னு எழுதட்டும்? இறப்பின் காரணம், கட்டைவிரல்னா?"

தங்கச்சி மகள் சிரித்துவிட்டாள். "காய்ச்சல்தான் சார். காய்ச்சல்னு போட்டுடுங்க."

"நீ பாத்தியாம்மா?"

"பெரியம்மா சொன்னாங்க."

"நான் பெரியம்மாவை மொழிபெயர்க்கல. பேப்பரை மொழிபெயர்க்கிறேன். வேற போட்டோ எடுத்து அனுப்புங்க."

"எதுக்கு சார் வேற நாளு? பேப்பரே இவ பையில கீது" என்றாள் தங்கச்சி. நல்ல நேரத்தில்தான் அவளுக்குக் கண் தெரியும். நான் பையை இறுக்கிப் பிடித்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த விரல் காற்றுக்காக வைத்தது இல்லை.

ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் அந்தப் பேப்பரை எடுத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "அந்தப் பேரை வூட்ல சொல்லக் கூடாதுடி. ஆத்தா வந்து கூட்டிகினு போனா, அவ்ளோதான். யாராவது கேட்டா காய்ச்சல்னு சொல்லு." அன்றைக்குத் தங்கச்சி ஆறு வயதுக் குழந்தை. அப்பா போகும்போது அவள் அம்மா வயிற்றில் இருந்தாள். அவளுக்கும் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். அம்மாவுக்கு அப்புறம் நான் அந்தப் பேப்பரை எப்போது பிரித்தாலும் விரல் தானாக அந்த இடத்துக்குப் போய்விடும். போட்டோ எடுக்கும்போதும் போனது. போனது தெரிந்தும் நான் விரலை எடுக்கவில்லை.

சார் மேஜையிலும் அதே கதைதான். பேப்பரைப் பிரித்து நீவிவிட்டேன், விரல் அங்கே போய் உட்கார்ந்தது.

"கைய எடுக்கா."

"காத்து அடிக்குது."

"ஃபேனே ஓடல. எடு."

என் விரலை அவளே தூக்கி, குனிந்து, எழுத்துக் கூட்டினாள். "வை... சூ... ரி." பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா இது? இத்தினி வருஷமா என்கிட்டயே காய்ச்சல்னு கதை விட்டுகினு இருந்தியா? நானும் அதுல கையெழுத்து வேற போட்டு அனுப்பிட்டேன்!"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

"எனக்கு இப்போ எழுவது ஆவப்போவுது. எப்போ சொல்லுவே, என் காரியத்துலயா?"

தங்கச்சி மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், ஸ்டேட்மென்ட்ல காய்ச்சல்னு போயிடுச்சு. இதுல வேறயா இருந்தா கேஸே கெட்டுடுமே. அம்மை போட்டாலும் காய்ச்சல் வரும்தானே? அப்படியே போட்டுடலாமா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பொறுமையாகத்தான் சொன்னார்.

"அந்தக் காலத்து இறப்புப் பதிவுல காய்ச்சல்னா ஒரு வகை, வைசூரின்னா வேற வகை. தனித்தனியா கணக்கு வெச்சாங்க. நான் மாத்தினா பதிவையே மாத்தின மாதிரி. இப்போ குடுக்கிற சர்டிபிகேட்ல காரணமே போடறதில்ல, இது பழசு, அதனால இருக்கு. இருக்கிறதை நான் ஒளிக்க முடியாது. ஸ்டேட்மென்ட் நீங்க எழுதினது, நீங்களே திருத்தலாம். இது பதிவாளர் எழுதினது. அதோட, பினாங்குல தமிழ் படிக்கிறவங்களுக்குப் பஞ்சமா? போட்டோவையும் என் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒருத்தர் படிச்சா போச்சு. ஒரு வார்த்தை பொய்னா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க."

தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். "உங்களுக்கென்ன சார், நீங்க சர்ச்சுக்குப் போறவரு. ஆத்தா உங்களக் கேக்க மாட்டா."

"அதான் என்னை எழுத வெக்கிறா போல" என்றார் சார்.

ஜன்னல் ஓரத்தில் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் அவரே போட்டோ எடுத்தார். நாலு மூலையும் தெரியணும் என்றார். பின்பக்கத்தையும் எடுத்தார். அங்கேயும் ஒரு சின்ன முத்திரை இருந்ததாம், அறுபது வருஷமாக நான் பார்த்ததே இல்லை. பதிவு எண்ணில் மங்கிக் கிடந்தது ஏழு என்று தெளிவானது. வட்ட முத்திரையில் எங்கள் ஊர்ப் பெயர் பாதிதான் இருந்தது. மீதியை நான் சொன்னேன். "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா, பேப்பர் சொல்லலையே" என்று, மீதி படிக்க முடியவில்லை என்றுதான் டைப் அடித்தார். காரணத்துக்கு ஸ்மால்பாக்ஸ் என்று போட்டு, வைசூரி என்ற சொல்லையும் இங்கிலீஷ் எழுத்தில் பக்கத்திலேயே அடைப்புக்குள் வைத்தார். போட்டோவைப் பார்த்துப் பெயர்த்தது என்றும் கீழே ஒரு வரி.

பிறகு அச்செடுத்துத் திரையைப் பார்த்துத் தமிழில் வாசித்தார். எண்களை மட்டும் பேப்பரோடு ஒத்துப் பார்க்கச் சொல்லி அச்செடுத்ததை என் கையில் கொடுத்தார். எண் எனக்கு நன்றாகத் தெரியும். இறந்த தேதி சரி. பதிவு செய்த தேதி நாலு நாள் தள்ளி, அதுவும் சரி. பக்க எண் வந்தபோது ஒரு தப்பு கண்ணில் பட்டது. பெரிய மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுக்கா, காய்ச்சல்னு சொல்லும்போது மட்டும் நல்லா கேட்டுச்சே" என்றாள் தங்கச்சி.

"பக்க எண்ணும் வரிசை எண்ணும் இடம் மாறி இருக்கு சார்." பேப்பரில் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

சார் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க விரல் இந்தத் தடவை சரியான எடத்துல இருக்கும்மா." திருத்தி மறுபடியும் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம். தங்கச்சி, குடும்பத்தில் காய்ச்சல் என்று சொல்லக் கேட்டுத்தான் முன்பு அப்படிச் சொன்னேன், பதிவில் வைசூரி என்று இருப்பதை இப்போதுதான் படித்தேன் என்று புது ஸ்டேட்மென்ட் கொடுத்தாள்.

போன வாரம் வக்கீல் அம்மாவிடம் இருந்து பதில் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து ஒத்துப் பார்த்தார்களாம். ஒரு எழுத்தும் பிசகவில்லையாம். கோர்ட்டிலும் ஏற்றுக்கொண்டார்கள், பங்கு எங்களுக்குத்தான். தங்கச்சி பம்மலில் மாடி வீடு பார்க்கிறாள். இந்த ஆடிக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகிறாளாம், கேழ்வரகு என் பொறுப்பாம். பொய் சொன்னதற்கு அபராதம்.

தங்கச்சி மகளே, இதைப் படிக்கும்போது சாரின் காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள். இடம் மாறி இருந்தது பக்க எண்ணும் வரிசை எண்ணும்தானா, பதிவு செய்தது நாலு நாள் கழித்தா ஐந்து நாள் கழித்தா, எனக்கு இப்போது குழம்புகிறது. ஒருதடவை சரிபார்த்துவிடு. அசல் பேப்பர் என் பெட்டியில் மேலாகவே இருக்கிறது. விரல் எதுவும் மேலே இல்லை.