மாட்டு டாக்டர் வந்த நாள்

தென்னையிலிருந்து விழுந்த பெரியப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. அவரைத் தொழுவத்தை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் கிடத்தியிருந்தார்கள். மீனாட்சிபுரத்தில் பால்தான் எங்களுக்குப் பிழைப்பு. கறவைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் கேட்கும் என்றார் அவருடைய மகன், எனக்கு அண்ணன். நியாயம்தான். ஆனால் வலித்தால்தானே கூப்பிடுவார்?

கல்லூரி விடுமுறையில் வந்தவன் அவரைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. பெரியப்பாவின் முகம் காய்ச்சலில் சிவந்திருந்தது.

"என்னடா மூக்கைப் பொத்தறே? உங்கண்ணன் பினாயிலு ஊத்தி என்னைய மாட்டுக் கட்டுத்தரையாட்டக் கழுவி உட்டுட்டான்" என்று சிரித்தார்.

அண்ணன் அவரைப் புரட்டிக் காட்டினார். வாலெலும்புக்கு மேலே ஒரு படுக்கைப்புண். அதன் வாயில் சீத்தா இலையை அரைத்து அடைத்திருந்தது. மாட்டுக்குப் புண்ணில் புழு வைத்தால் எங்கள் பக்கத்தில் செய்வது இதுதான். பினாயிலை ஊற்றுவார்கள், மேலே வருவதைக் கொட்டிவிட்டு இலையை அடைப்பார்கள்.

"நேத்தே புழு அத்தனையும் கொட்டிப்போச்சு" என்றார் அண்ணன்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போலாமுங்கண்ணா. காச்சல் அடிக்குதே."

"காலேசுக்குப் போனா நீயென்ன டாக்டரா? உசுரோட இருக்கறவனுக்குப் புழு வெச்சுதுன்னா, என்ன பாவம் பண்ணுனானோன்னு ஊரு பேசும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறது தெரியுமல்ல? வாயைத் தொறக்காதே."

மறுநாள் கறவைப் பசு ஒன்று வேலிக் கம்பியில் மடியைக் கிழித்துக்கொண்டது. அண்ணன் சாயங்காலக் கறவைக்குக்கூட நிற்கவில்லை. சைக்கிளை மிதித்துப் போய் மாட்டு டாக்டரை அழைத்து வந்துவிட்டார். கிளம்பும்போதே, டாக்டர் வருவதற்குள் சாய்ப்பின் கதவைச் சாத்தச் சொல்லியிருந்தார். நான்தான் சாத்தினேன், முழுக்கச் சாத்தவில்லை.

டாக்டர் மலையாளி. மடிக்குத் தையல் போட்டு எழுந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"இது பசுவோட மணம் இல்லல்லோ. உள்ளே ஆரு?"

"அப்பனுங்க. கெடையில இருக்கறாரு."

அவரே கதவைத் தள்ளிக்கொண்டு போனார். இலையை எடுத்து டார்ச்சை அடித்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"பினாயில் ஊத்தியோ? மேலே உள்ள புழு விழுந்து போயி. பாக்கி உள்ளே கேறிப் போயி. வாய் சின்னது, உள்ளே குழி பெரிசாணு. மனுசனை நான் தொடக்கூடாது. இப்பவே ஆசுபத்திரிக்கு எடுக்கணும்."

"மாட்டுக்குக் கேக்குதுங்களே?" என்றார் அண்ணன்.

"மாட்டுக்கே இது சரியல்ல. பின்னே எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தது?"

 அண்ணன் போய் வண்டியில் மாட்டைப் பூட்டினார். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பெரியப்பாவைக் குப்புறப் படுக்க வைத்தோம்.

அரசு ஆசுபத்திரியில் ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். டர்பன்டைனில் நனைத்த துணியைச் சற்றுநேரம் புண்ணில் வைத்தார். மூச்சுமுட்டி மேலே வந்த புழுக்களைக் கிடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு கருத்த சதையை வெட்டினார். தோலுக்கு அடியில் ஓர் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பெரியப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. இடையிடையே, "முடிஞ்சுதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"ஈ உக்காந்து முட்டை வெச்சிருக்கு, அவ்வளவுதான். பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல" என்றார். "புழு தலையை உள்ள வெச்சுத் தின்னும். மூச்சு விடுறது வால் பக்கமா. அதான் மேல வரவெச்சுப் பிடிக்கிறோம். நீங்க பினாயில் ஊத்துனதுல சதை வெந்துபோச்சு, ஆழத்துல கெடந்த புழு அங்கேயே செத்து அழுகிப்போச்சு. போதாததுக்கு வாயை வேற அடைச்சிட்டீங்க. சீழுக்கு வெளிய வர வழியில்ல. இப்போ ரத்தத்துல விஷம் ஏறியிருக்கு."

டெட்டனஸுக்கு ஊசி, பெனிசிலின், மறுநாளும் அதற்கு மறுநாளும் கிடுக்கி. புழு நின்றது, காய்ச்சல் நிற்கவில்லை. அடிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்திருந்தாலே இந்தப் புண் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "அந்த மாட்டுக்கு மடி ஆறிப்போச்சா?" என்பதுதான்.

"ஆறிப்போச்சுங்க பெரிப்பா" என்றேன்.

"பரவால்ல. அதை நேரத்துக்குப் பாத்துட்டான்."

அன்று மாலை ஆசுபத்திரியிலேயே இறந்துபோனார்.

காரியத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் திண்ணமாகச் சொன்னது ஒன்றேதான்: "ஊட்டுல நல்லாத்தானுங்க இருந்தாரு. ஆசுபத்திரியில கத்தி வெச்சாங்க, போயிட்டாரு." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பையன் சொன்னதைக் கேட்டதால் வந்த வினை என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். நான் புழுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த அண்ணனின் தங்கை இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் சாய்ப்பைப் பினாயில் ஊற்றிக் கழுவி, அந்தப் பசுவைக் கட்டினார்கள்.